முடங்கிக் கிடக்கும் பணமும் முதல் மாத வாடகையும்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே, அந்த நாட்டு வங்கி ஒன்றில் அவர் பெயரில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஆனால் போய் இறங்கிய அன்று அதிலிருந்து ஒரு காபிக்குக்கூட எடுக்க முடியாது. வீட்டை அடகு வைத்து, கல்விக் கடன் வாங்கி அனுப்பிய பணம்தான், அவருடைய பணம்தான். இருந்தும் அது கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும், சிலருக்கு ஒன்றரை மாதம்கூட ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் தேவையில்லாத கட்டணங்கள் கழிகின்றன. மோசடிக்காரர்கள் வலை விரிப்பதும் அப்போதுதான்.

2022-23 கல்வியாண்டிலிருந்து ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். 2024-25-இல் அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 59,000. கோவை, மதுரை, திருச்சி பொறியியல் கல்லூரிகளில் படித்து முடித்து ஆகன், கெம்னிட்ஸ், மக்டபர்க், மியூனிக் என்று போகிறவர்கள் அதில் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதுதான் இவர்களை இழுக்கிறது. கட்டணம் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் காசு இருக்கிறது என்று காட்டினால்தான் விசா கிடைக்கும். அப்படிக் காட்டுவதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது முடக்கக் கணக்கு. ஜெர்மானியர்கள் அதை ‘ஷ்பெர்கோன்டோ’ என்கிறார்கள். நம் மாணவர்கள் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது, அதாவது மாதம் 992 யூரோ. தொகை அவ்வப்போது உயர்வதால் விண்ணப்பிக்கும் நேரத்தில் ஜெர்மன் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். கணக்கைத் திறக்க ஜெர்மனிக்குப் போகத் தேவையில்லை. பாஸ்போர்ட்டை வைத்து இணையத்திலேயே திறக்கலாம். இதற்கென்றே ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ, கோரக்கிள் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. தொடக்கக் கட்டணம் ஒன்று, மாதக் கட்டணம் ஒன்று என இரண்டு வகையில் வாங்குவார்கள். இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டு மாதத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். காப்பீட்டோடு சேர்த்து வாங்கினால் கணக்கு இலவசம் என்று விளம்பரம் வந்தால், அந்தக் காப்பீடு எத்தனை மாதத்துக்கு, எந்த வகை என்பதையும் படித்துவிட வேண்டும்.

பல குடும்பங்கள் இந்த வேலையை ஒரு கன்சல்டன்சியிடம் விட்டுவிடுகின்றன. அதில் பெரிய தவறில்லை. ஆனால் கணக்கைத் திறக்கும்போது கொடுக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் மாணவருடையதாகவே இருக்க வேண்டும், ஏஜென்டுடையதாக இருக்கக் கூடாது. பின்னால் பணத்தை விடுவிக்கக் கடவுச்சொல் மாற்ற வேண்டும், ஓடிபி வர வேண்டும் என்கிறபோது, ஏஜென்ட் அலுவலகத்தில் வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது. இந்திய சிம் கார்டையும் குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பது நல்லது.

பணத்தை முழுசாக இழக்காமல் அனுப்புவது அடுத்த கட்டம். மதுரையில் ஒரு அப்பா, அக்டோபரில் மக்டபர்க் போகும் மகளுக்காக வங்கிக் கிளைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கேட்பது, “சார், கமிஷன் எவ்வளவுங்க?” என்பதுதான். “ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும் சார்” என்று பதில் வருகிறது. பரவாயில்லையே என்று அவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: “இன்றைக்கு எனக்கு ஒரு யூரோவை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?” சந்தையில் யூரோ 100 ரூபாய்க்கு விற்கும் ஒரு நாளில் வங்கி 102 ரூபாய் சொன்னால், 11,904 யூரோவுக்கு அந்த இரண்டு ரூபாய் வித்தியாசமே 23,808 ரூபாய். ரசீதில் கமிஷன் என்ற வரியில் அது வராது, விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். இரண்டு வங்கிகளிடமும், ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற ஓர் அந்நியச் செலாவணி நிறுவனத்திடமும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் விலை கேட்டு எழுதி வாங்கினால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். கிளை மேலாளரிடம் இந்த விலையைப் பேசிக் குறைக்கவும் முடியும்.

விண்ணப்பப் படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வுகள் இருக்கும். வழியில் வரும் வங்கிகளின் கட்டணத்தை யார் ஏற்பது என்பதை அது தீர்மானிக்கிறது. SHA என்று குறித்தால், நடுவில் இருக்கும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். 11,904 யூரோ போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருபது யூரோ குறைந்தாலும், ‘பணம் வந்துவிட்டது’ என்ற உறுதிச் சான்று வராது. அந்தச் சான்று இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போய் நிற்க முடியாது. குறைந்த இருபது யூரோவை மறுபடி அனுப்ப இன்னொரு முறை கமிஷன், இன்னொரு வாரம் காத்திருப்பு. அதனால் OUR என்று குறித்து, அதற்கான சிறு தொகையை இங்கேயே கட்டிவிடுவதே சரி. கணக்கு நிறுவனம் கொடுக்கும் குறிப்பு எண்ணைப் படிவத்தில் தவறில்லாமல் எழுதுவதும் முக்கியம். அது இல்லாவிட்டால் பணம் போய்ச் சேரும், ஆனால் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

வரி விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் சொந்தப் பணத்திலிருந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட பகுதிக்கு வங்கி ஒரு சிறு சதவீதத்தை டிசிஎஸ் வரியாகப் பிடிக்கும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் கிடையாது. பிடித்தது போய்விட்டதாக நினைக்க வேண்டாம். யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்பட்டதோ அவர் வருமான வரிக் கணக்கில் சேர்த்துத் திரும்பப் பெறலாம்.

சில ஏஜென்டுகள் வேறொரு வழியும் சொல்கிறார்கள். பணமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முடக்கக் கணக்கில் நாங்கள் போட்டுத் தருகிறோம், போய்ச் சேர்ந்ததும் மாதாமாதம் திருப்பித் தந்துவிடுங்கள் என்பது அந்த ஏற்பாடு. இதை ஏற்கவே கூடாது. விசா கிடைத்துவிடும், ஆனால் மாதம் வரும் 992 யூரோ வந்த வேகத்தில் ஏஜென்டுக்குப் போய்விடும். அந்நிய ஊரில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எதுவும் மிஞ்சாது. விசா அதிகாரியிடம் பொய்யான நிதி நிலையைக் காட்டியதாகவும் ஆகிவிடும்.

சரி, விசா வந்தாயிற்று, மகள் மக்டபர்க்கில் இறங்கியாயிற்று. முடக்கக் கணக்கிலிருந்து பணம் வெளியே வர அவளுக்கு இன்னொரு கணக்கு வேண்டும். அதுதான் ‘ஜீரோகோன்டோ’, அன்றாடப் புழக்கத்துக்கான நடப்புக் கணக்கு. மாதம் 992 யூரோவை முடக்கக் கணக்கு இதில்தான் கொண்டுவந்து போடும். வாடகை, மருத்துவக் காப்பீடு, கைப்பேசி எல்லாம் இதிலிருந்துதான் போகும். பகுதிநேர வேலை கிடைத்தால் சம்பளமும் இதில்தான் வரும்.

இந்தக் கணக்கைத் திறக்கப் பெரும்பாலான வங்கிகள் அவளுடைய ஜெர்மன் முகவரிக்குச் சான்று கேட்கும். அந்தச் சான்றைத் தருவது நகரக் குடிமக்கள் அலுவலகம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அங்கே போய் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ‘ஆன்மெல்டுங்’ என்ற இந்தச் சொல் ஜெர்மனி போன ஒவ்வொரு மாணவர் வாயிலும் வரும். பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும், ‘இவர் இந்தத் தேதியில் என் வீட்டில் குடியேறினார்’ என்று. 2015 நவம்பரிலிருந்து அந்தத் தாள் கட்டாயம். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. ஆக, வீடு கிடைத்தால் அந்தத் தாள், தாள் இருந்தால் பதிவு, பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால்தான் தன் சொந்தப் பணம். விடுதியில் இடம் கிடைக்காமல் நண்பர் அறையில் தங்கியிருப்பவர்களுக்குச் சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றுவிடுகிறது. பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பதும் அக்டோபரில் எளிதல்ல. எனவே விசா கிடைத்த உடனேயே, ஊரிலிருந்தே இணையத்தில் அந்த நகரத்தின் பதிவு அலுவலக நேரத்தைப் பிடித்து வைப்பது பயனுள்ள வேலை.

இந்த இடைவெளிக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? விடுதி அறை வாடகை 350 யூரோ, முன்பணம் இரண்டு மாத வாடகை 700, மாணவர் மருத்துவக் காப்பீடு ஏறக்குறைய 145, பல்கலைக்கழகத்துக்குச் செமஸ்டர் தொகை 200 என்று போட்டாலே 1,395 யூரோ வந்துவிடுகிறது. சாப்பாடு, போர்வை, குளிர்ச் சட்டை எல்லாம் இதற்கு மேல். ஊரைப் பொறுத்து இது கூடும். மியூனிக்கில் வாடகை மட்டுமே இரட்டிப்பாகும். எப்படியும் 2,000 யூரோவுக்குக் குறையாமல், முடக்கக் கணக்குப் பணத்தைச் சேர்க்காமல், தனியாக எடுத்துப் போக வேண்டும். கொஞ்சம் ரொக்கமாகவும் மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும் வைத்துக்கொள்ளலாம். யூரோவாகவே ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, சாதாரண டெபிட் கார்டைவிட மேல். இந்திய டெபிட் கார்டை அங்கே தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கின்றன. அதோடு ஏடிஎம் திரையில், ‘ரூபாயில் கணக்கிடட்டுமா, யூரோவிலா?’ என்று ஒரு கேள்வி வரும். ரூபாயில் பார்த்தால் தெளிவாக இருக்குமே என்று நினைத்து அதைத் தொட்டுவிடக் கூடாது. அந்த ஏடிஎம் நிறுவனம் வைத்த விலைக்கு மாற்றிக் கொடுக்கும். எப்போதும் யூரோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கைத் திறக்க வங்கி கேட்பவை அதிகமில்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று. இவற்றோடு, எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு வரி எண். பலர் தடுமாறுவது இந்த நான்காவதில்தான். இந்தியாவின் பான் எண்ணே அங்கே வரி எண்ணாகச் செல்லும். ஜெர்மன் வரி எண், முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் தபாலில் வரும். வந்ததும் வங்கிக்குத் தெரிவித்தால் போதும். ஊரை விட்டுக் கிளம்பும்போது பான் கார்டை அப்பாவின் பீரோவில் வைத்துவிட்டுப் போகாமல் இருப்பது நல்லது.

தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிய இன்னொரு வடிவம், சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். ஜெர்மன் படிவம் முன்பெயரும் குடும்பப் பெயரும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. முடக்கக் கணக்கில் ஒரு மாதிரி, பதிவு அலுவலகத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி எழுதினால், ‘இரண்டும் ஒரே ஆள்தானா?’ என்ற கேள்வியில் பணம் நின்றுவிடும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ பயன்படுத்தும் நாடுகளில் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி பார்த்துச் சொல்லியாக வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை வரும். சம்பளம் போடும் நிறுவனமோ வீட்டுக்காரரோ தயங்குவார்கள். எனவே பாஸ்போர்ட்டில் உள்ள வடிவம் எதுவோ அதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் எழுத வேண்டும். முடிந்தால் விசாவுக்கு முன்பே, குடும்பப் பெயர்க் கட்டம் நிரம்பிய பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

அடையாளத்தைச் சரிபார்க்க மூன்று வழி உண்டு. கிளைக்கு நேரில் போகலாம். கைப்பேசி வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். அல்லது வங்கி அனுப்பும் தாளோடு தபால் நிலையத்துக்குப் போய், அங்கே உள்ள ஊழியரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். வீடியோ முறையில் எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் எல்லா வங்கியும் ஏற்பதில்லை. அதில் தட்டினால் மனம் விட வேண்டாம், தபால் நிலைய வழியைக் கேட்க வேண்டும். ஜெர்மன் அவ்வளவாக வராதவர்களுக்கு, பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஷ்பார்காஸே போன்ற உள்ளூர் வங்கிக் கிளையே வசதி. வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஊழியர்கள் அங்கே இருப்பார்கள்.

கணக்கு திறந்த பிறகு கார்டும் ரகசிய எண்ணும் தனித்தனிக் கடிதங்களாக வீட்டுக்கு வரும். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய தாமதத்தை உண்டாக்குகிறது. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் கீழே உள்ள பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் வங்கிக்கே திரும்பிவிடும். திரும்பிய கார்டை வங்கி ரத்து செய்யும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அறைக்குள் நுழைந்த முதல் நாளே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை ஒரு தாளில் எழுதித் தபால் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும்.

வங்கி மறுத்துவிட்டால்? ஜெர்மனியில் 2016 ஜூனிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் ‘பாஸிஸ்கோன்டோ’ என்னும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. பொதுமக்களுக்குக் கணக்கு நடத்தும் வங்கிகள் அதைத் தர மறுக்கச் சட்டம் மிகச் சில காரணங்களையே அனுமதிக்கிறது. முழுமையான விண்ணப்பம் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் கணக்குத் தர வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் புகார் செய்யலாம், செலவில்லை. வாய்ச்சொல்லில் ‘முடியாது’ என்று கேட்டுத் திரும்பி வந்துவிடுகிற மாணவர்கள், அதே கவுண்டரில் அடிப்படைக் கணக்குக்கான படிவத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அது நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும்; மாதம் 8.99 யூரோ வாங்கியது செல்லாது என்று 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டாய்ச்ச வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மாணவர் கணக்கு இலவசம் என்று சொல்லும் வங்கிகள் பெரும்பாலும் ஒரு வயது வரம்பும், மாணவர் சான்றைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்திருக்கும். சான்று தர மறந்தால் மாதக் கட்டணம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வயது வரம்பு தாண்டியிருக்கும். அவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தன் வங்கியின் வலையில் இல்லாத ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் நான்கைந்து யூரோ போகும். வாடகையும் காப்பீடும் தானாகக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முறையில் போவதால், மாதத் தொடக்கத்தில் இருப்பு இல்லாமல் போனால் திருப்பியதற்கென்று ஒரு கட்டணம் விழும். அதே முறையில் மாணவருக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு: தானாக எடுக்கப்பட்ட தொகையை எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பக் கேட்கலாம். அனுமதியே கொடுக்காமல் எடுத்திருந்தால் பதின்மூன்று மாதம் வரை கேட்கலாம். தானே அனுப்பிய பணத்துக்கு இந்த வழி கிடையாது. மோசடிக்காரர்கள் எப்போதும், ‘நீங்களே அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

அந்த மோசடிகளில் முதலாவது வீட்டில் தொடங்குகிறது. மாணவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே ஓர் அழகான அறையின் படம் வரும், வாடகை சந்தையைவிடக் குறைவு. உரிமையாளர் தான் வேலை விஷயமாக வேறு நாட்டில் இருப்பதாகவும், முன்பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதுவார். நம்பிக்கைக்காகத் தன் அடையாள அட்டைப் படத்தையும் அனுப்புவார். அது முன்பு ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்கும். மாணவர் அனுப்பும் பாஸ்போர்ட் படம் அடுத்தவரை ஏமாற்றப் பயன்படும். ஜெர்மன் சட்டப்படி முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு, முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல், அதுவும் ஜெர்மனிக்கு வெளியே உள்ள கணக்குக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஜெர்மன் கணக்கு எண் DE என்று தொடங்கும். ஆனால் DE இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. ஏன் என்பது அடுத்த மோசடியில் தெரியும்.

பகுதிநேர வேலை தேடும் மாணவர் கண்ணில் ஒரு விளம்பரம் படுகிறது. வீட்டிலிருந்தே வேலை, செயலிகளைச் சோதித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும், மணிக்கு நல்ல சம்பளம், ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. வேலை ஒப்பந்தத்துக்காகப் பாஸ்போர்ட் படம் கேட்கிறார்கள், ஒப்பந்தமும் வருகிறது, லோகோ எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. முதல் வேலையாக ஒரு வங்கியின் வீடியோ அடையாள முறையைச் ‘சோதிக்க’ச் சொல்கிறார்கள். “இது வெறும் சோதனைதான், முடிந்ததும் கணக்கு அழிந்துவிடும். வங்கி ஊழியர் கேட்டால் சோதனை என்று சொல்லாதீர்கள், சொன்னால் சோதனை பயனில்லாமல் போய்விடும்” என்பதும் அறிவுரையோடு வரும். மாணவர் பாஸ்போர்ட்டைக் காட்டி, முகத்தைத் திருப்பிக் காட்டி முடிக்கிறார். உண்மையில் நடந்தது என்னவென்றால், அவர் பெயரில் ஒரு நிஜக் கணக்கு திறந்தாயிற்று. அதன் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் மோசடிக்காரர் கையில். போலி இணையக் கடைகளில் ஏமாந்தவர்களின் பணம் அந்தக் கணக்குக்கு வந்து, மணிக்கணக்கில் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஏமாந்தவர்கள் புகார் செய்யும்போது காவல்துறைக்குக் கிடைக்கும் ஒரே பெயர் அந்த மாணவருடையது.

ஜெர்மன் காவல்துறையும் நுகர்வோர் அமைப்புகளும் இந்த மோசடியைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கின்றன. அடையாளம் காணும் வழி ஒன்றே: எந்த நேர்மையான நிறுவனமும் வேலைக்காக ஊழியரின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கச் சொல்லாது. வீடியோ அழைப்பில் வங்கி ஊழியர், “வேறு யாராவது இதைச் செய்யச் சொன்னார்களா?” என்று கேட்பது இதற்காகத்தான். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னாலே மாணவர் தப்பிவிடுவார்.

இதன் எளிய வடிவம் நண்பர்கள் வட்டத்திலும் நடக்கிறது. “மச்சி, எனக்கு இன்னும் அக்கவுண்ட் ஓபன் ஆகலை. உன் அக்கவுண்டுக்கு 2,000 யூரோ வரும். நூறு நீ வச்சுக்கிட்டு மிச்சத்தை நான் சொல்ற நம்பருக்குப் போட்டுடு.” கேட்பவர் தெரிந்தவராகவே இருக்கலாம், அவரும் வேறு யாரோ சொல்லிக் கேட்கலாம். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 261-ஆம் பிரிவின்படி இது பணச் சலவை. குற்றப் பணம் என்று தெரியாமல் செய்தேன் என்பது எப்போதும் காப்பாற்றாது. பெரும் கவனக்குறைவும் அங்கே தண்டனைக்குரியது. வழக்குப் பதிவானால் வங்கி கணக்கை மூடிவிடும், விசா நீட்டிப்பின்போது அந்த வழக்கு எதிரே வந்து நிற்கும். நூறு யூரோவுக்காக ஒரு படிப்பே போய்விடும்.

தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். அனுப்பிய பணத்தை நிறுத்த ஒரு வாய்ப்பு இருக்கிறதென்றால் அது முதல் சில மணி நேரத்தில்தான். முதலில் வங்கிக்குச் சொல்ல வேண்டும். கார்டையும் பல வங்கிகளின் இணையக் கணக்கையும் முடக்க 116 116 என்ற எண் இரவும் பகலும் வேலை செய்கிறது, இந்தியாவிலிருந்து என்றால் +49 116 116. அடுத்ததாக அந்த மாநிலக் காவல்துறையின் இணையப் பக்கத்திலோ நிலையத்திலோ புகார் பதிய வேண்டும். புகார் எண் கையில் இருந்தால்தான், தன் பெயரில் திறக்கப்பட்ட கணக்குக்குத் தான் பொறுப்பில்லை என்று பின்னால் காட்ட முடியும். தன் பெயர் திருடப்பட்டதைக் கடன் தகவல் நிறுவனமான ஷுஃபாவிடமும் பதிந்து வைக்கலாம். விளம்பரம், வந்த செய்திகள், ஒப்பந்தம் எதையும் அழிக்காமல் படமெடுத்து வைக்க வேண்டும். பெற்றோர்கள் இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளை கிளம்பும் முன்பே, “காசு போனாலும் பரவாயில்லை, அன்றைக்கே எங்ககிட்ட சொல்லிடு” என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.